விளக்கிச் சொன்னேன்

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில், கடைசிப் பக்கங்களில் ஒரு பெட்டி இருக்கும். விண்ணப்பிக்கிறவர் கைநாட்டு வைத்தாலோ, படிவத்தின் மொழியை விட்டு வேறு மொழியில் கையெழுத்திட்டாலோ அந்தப் பெட்டியை நிரப்ப வேண்டும். இந்தப் படிவத்தில் உள்ளதை விண்ணப்பதாரருக்கு அவருடைய மொழியில் விளக்கிச் சொன்னேன், அவரும் புரிந்துகொண்டார் என்று உறுதி சொல்லும் இரண்டு மூன்று வரிகள். கீழே, விளக்கியவர் கையெழுத்திட ஒரு கோடு. 2024 அக்டோபரில் அந்தக் கோட்டின் மேல் நான் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பதாரர் ஒடியாவில் கையெழுத்திட்டிருந்தார். எனக்கு ஒடியாவில் அன்று ஒரு சொல்லும் தெரியாது.

விளக்கியது அவருடைய மகள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். பதினெட்டு வயது ஆகாதவள் என்பதால் அவள் அந்த இடத்தில் கையெழுத்திட முடியாது. வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லாத பெரியவர் ஒருவர் போடுவதுதான் முறை. அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. காலாண்டு இலக்கில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளை பின்தங்கியிருந்தது. பேசியவள் அவள், பேசியதாகக் கையெழுத்திட்டவன் நான்.

அவர்களைப் போன்றவர்கள் இங்கே வந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். நான் வண்டலூரில் குடியேறியபோது விடியற்காலையில் மிருகக்காட்சி சாலையின் சிங்கம் உறுமுவது வீட்டுக்குள் கேட்கும். இப்போதும் உறுமுகிறது, லாரிச் சத்தத்தில்தான் கேட்பதில்லை. மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இங்கிருந்து புறப்படுகிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. கேளம்பாக்கம் சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழுந்தன, இன்னும் எழுகின்றன. கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தார்கள். முதலில் ஆண்கள் மட்டும் வந்தார்கள். பிறகு சிலர் குடும்பத்தோடு லைன் வீடுகளில் தங்கினார்கள். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். ஐந்தாறு வருடத்தில் அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் பேசுவது போலவே தமிழ் பேசினார்கள், பெற்றோர் பேசவில்லை. அப்பாவுக்குத் தமிழில் தேவைப்படுவது மேஸ்திரி சொல்கிற இருபது முப்பது சொற்கள்தான். அம்மாவுக்கு அதுவும் வேண்டியதில்லை, துடைப்பமும் வாளியும் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

வெளிநாட்டுக்குப் போன நம் குடும்பங்களில் இது பழைய கதை. சுவிட்சர்லாந்துக்கும் நார்வேக்கும் கனடாவுக்கும் போன ஈழத்துக் குடும்பங்களில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மருத்துவரிடமும் வங்கியிலும் குடியேற்ற அலுவலகத்திலும் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பேசி வளர்ந்தவர்கள். அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்துதான் படித்திருக்கிறேன். கவுன்டருக்குப் பின்னால் இருக்கிறவன் நானாகவும் இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை. கஞ்சம் மாவட்டத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்தவருக்கு வண்டலூர் வெளிநாடுதான். அவர் பாஸ்போர்ட் எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த அப்பா கம்பி கட்டுகிறவர். ஊரில் வீட்டுக்குத் தளம் போடுவதற்காக 50,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அடுத்த வருடம் மழைக்கு முன்னால் போட வேண்டும். அதுவரை பணம் கையில் இருந்தால் கரைந்துவிடும், ஒரு வருட வைப்பில் போடலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் என்னிடம், “சார், ஃபிக்ஸட் போடணும், ஒரு வருஷத்துக்கு” என்றாள். வேலை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நான் அவர்களைக் காப்பீட்டு மேஜைக்கு அழைத்துப் போனேன்.

அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த இளைஞனும் நானும் மாறி மாறிச் சொன்னோம். இது பாலிசி, வருடத்துக்கு ஐம்பதாயிரம், ஐந்து வருடம் கட்டினால் போதும், பத்தாவது வருடம் மொத்தமாக வரும், நடுவில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குப் பெரிய தொகை, வரிச்சலுகையும் உண்டு. ஆறேழு வாக்கியங்கள் இருக்கும். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். ‘ஜமா’ என்றும் ‘டங்கா’ என்றும் காதில் விழுந்தது. அவர் தலையாட்டினார், கையெழுத்திட்டார். நாம் ஏழு சொன்னோம், போய்ச் சேர்ந்தது ஒன்று என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மொழி தெரியாதவனுக்கும் எண்ணத் தெரியும். நான் எண்ணவில்லை.

சில நாள் கழித்து நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்திருக்கிறது. வாடிக்கையாளர் புரிந்துகொண்டுதான் எடுத்தாரா என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளும் அழைப்பு. கணக்கில் கொடுத்திருந்த எண் மகளுடையது. கொரோனா காலத்தில் பாடத்துக்காக வாங்கிய அந்த போன்தான் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன். படிவத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று நாங்களே குறித்திருந்தோம். அவள் ஸ்பீக்கரில் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்திருக்கிறாள். அவரும் தமக்குத் தெரிந்த தமிழில் “ஆமா” என்றிருக்கிறார். நிபந்தனைகள் விளக்கப்பட்டனவா? ஆமா. ஐந்து வருடம் கட்ட வேண்டும் என்று தெரியுமா? ஆமா. நாளைக்கு ஒரு புகார் போனால் அந்த ஒலிப்பதிவுதான் முதல் சாட்சி. அவருடைய சொந்தக் குரல்.

பாலிசிப் பத்திரம் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஆசிரியை ஒருவரிடம் காட்டியிருக்கிறாள். பத்திரத்தோடு வரும் முதல் கடிதத்திலேயே ஒரு பத்தி இருக்கும்: பிடிக்கவில்லை என்றால் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்பு பெரும்பாலான பாலிசிகளுக்கு 15 நாளாக இருந்ததை 2024இல்தான் எல்லாவற்றுக்கும் 30 ஆக்கினார்கள். முத்திரைக் கட்டணம், அத்தனை நாள் காப்பு இருந்ததற்கான சிறு தொகை, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, இவை போக மீதி திரும்ப வரும். ஆசிரியை அந்தப் பத்தியைப் பென்சிலால் கோடிட்டுக் கொடுத்திருக்கிறார். பத்திரம் வந்த பன்னிரண்டாம் நாள் அவள் பள்ளிச் சீருடையில் தனியாகக் கவுன்டருக்கு வந்து அந்தப் பென்சில் கோட்டை எனக்குக் காட்டினாள்.

“ஏம்மா, அன்னிக்கு எல்லாத்தையும் சொன்னோமே, நீ அப்பாகிட்ட என்ன சொன்னே?” என்று கேட்டேன். குற்றம் அவளுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

“பாலிசின்னா கொள்கைதானே சார்? சோஷியல்ல வருதே, வெளியுறவுக் கொள்கை. பேங்கோட கொள்கை இதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். பேங்க் ரூல்படி இப்படித்தான் டெபாசிட் போடணுமாம்னு சொன்னேன்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் தவறாக மொழிபெயர்க்கவில்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் சொல்லிக் கொடுத்த பொருளை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். “காப்பீடுன்னு சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்குமா?” என்றேன். தமிழில் கேள்விப்பட்டிருக்கிறாள், ஒடியாவில் அதற்கு என்ன என்று தெரியாது. ஆறு வயதில் ஊரை விட்டு வந்தவள். அவளுடைய ஒடியா, அடுப்படியிலும் திண்ணையிலும் வளர்ந்து அங்கேயே நின்றுவிட்ட மொழி. பசி, காய்ச்சல், கோபம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதில் சொல் உண்டு. வட்டி விகிதம், முதிர்வு, நியமனதாரர் என்பவற்றை அவள் முதலில் கேட்டதே தமிழில். ஒரு மொழியில் வீடு, இன்னொரு மொழியில் உலகம் என்று வளர்கிற பிள்ளையிடம், உலகத்தை வீட்டுக்குச் சொல் என்று கேட்டால் பாதி இடங்களில் அவள் சொல்லைத் தேடுவதில்லை, உண்டாக்குகிறாள். எதிரில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

அவளுடைய அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியும் என்பதுதான் இதில் என்னை அதிகம் அறுக்கிறது. பீமா. ஒடியாவிலும் அதேதான், இந்தியிலும் அதேதான். அவருடைய ஊருக்கும் எல்.ஐ.சி. முகவர் வந்திருக்கிறார், சொந்தக்காரர் ஒருவர் பாதியில் கட்டாமல் விட்டுப் பணத்தை இழந்திருக்கிறார். ‘பீமா’ என்று யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தால் அவர் பணத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். அந்தச் சொல் என் மேஜையிலேயே இருந்தது. 2015இலிருந்து வருடா வருடம் நான் நிரப்பிக் கொடுத்த அரசுத் திட்டப் படிவத்தின் பெயரே பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா. 436 ரூபாய் கழிக்கவா என்று ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். வாயில் புழங்கிய சொல்லை ஒரு மனிதரிடம் சொல்லத் தோன்றவில்லை. மகள் இருக்கிறாளே, அவள் சொல்லிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் செய்யும் இந்த வேலைக்கு இரண்டு மொழிக்கு நடுவே தரகு என்ற பொருளில் ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தரகு என்ற சொல் நமக்குப் பழக்கமானது. இரண்டு மொழி பேசி நடுவில் நிற்கிறவரைத் துபாஷி என்று சொன்ன ஊர் சென்னை. புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து எழுதிய நாட்குறிப்பு இல்லாமல் அந்தக் காலத்தை எழுத முடியாது. பச்சையப்ப முதலியார் நாற்பது வயதில் இறப்பதற்குள் சேர்த்த சொத்தில் இன்றும் கல்லூரிகள் நடக்கின்றன. இருவரும் சொன்னதைக் கேட்டவன் தான் ஒருவனே என்பதுதான் துபாஷியின் முதல். துரைக்கு இவர் சொன்னதுதான் ஊர், ஊருக்கு இவர் சொன்னதுதான் துரை. அதற்குத் தரகு உண்டு, மரியாதை உண்டு, எல்லை மீறினால் வழக்கும் தண்டனையும் உண்டு.

லைன் வீட்டுப் பெண்ணிடம் இருப்பதும் அதே முதல்தான். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி அவள் போனுக்கு வருகிறது. ஓடிபி அவளிடம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அப்பா மகளிடம்தான் கேட்டாக வேண்டும். பின்னொரு நாள் பேச்சுவாக்கில் அவள் என்னிடம் சொன்னாள்: “அப்பா கேட்டா ரெண்டாயிரம் கம்மியாத்தான் சார் சொல்லுவேன். உள்ளதைச் சொன்னா மாமா கடன் கேட்டு வாங்கிடுவார்.” சொல்லும்போது கண்ணில் ஒரு மினுக்கம். சம்பாதிக்கிறவர் அப்பா, வீட்டு நிதி அமைச்சர் அவள். அம்மாவைத் திட்டிய பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா சொன்னதை விடக் காரமாகத் தமிழில் திருப்பிக் கொடுத்ததையும் சொல்லிச் சிரித்தாள். இந்த ருசியை நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து வயதில் வீட்டில் எனக்கு ஒரு ஜன்னலைத் திறக்கக்கூட அதிகாரம் இருந்ததில்லை.

அந்த அதிகாரத்துக்கு அவள் கொடுக்கிற விலை என்ன என்று எனக்குக் காட்டியவள் என் மனைவி. அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள். பாலிசிக் கதையைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. “உங்க இடத்துல பணம் போகும், எங்க இடத்துல உசுரு” என்று தன் பணிக்காலத்தில் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள்.

பீகார்க் குடும்பம். அம்மாவுக்குக் காசநோய் உறுதியானது. பதின்மூன்று வயதுப் பையன் நடுவில். மருத்துவர் எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்: ஆறு மாதம் மாத்திரை, முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் மூன்று மருந்து, உடம்பு தேறிவிட்டது போல இருக்கும், அப்போதும் நிறுத்தக் கூடாது. பையன் அம்மாவிடம் சொன்னது வேறு. நெஞ்சில் சளி, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும். நோயின் பெயரை அவன் விட்டுவிட்டான். அது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்று அவனுக்குத் தெரியும். பெயரை விட்டபோது ஆறு மாதமும் கூடவே போய்விட்டது. சளிக்கு யார் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுவார்கள்? இரண்டாவது மாத முடிவில் இருமல் நின்றது. அந்த அம்மா மாத்திரையையும் நிறுத்தினார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும், மருந்துக்கு மசியாத நோயாகவும் வரலாம்.

கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டேன். அந்த மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். என் மனைவி வருகிறவர்களிடம் அதைக் கேட்பாள். பையன் வெட்கப்பட்டு அம்மாவிடம் கேட்கவே இல்லை, தானே “ஆமா, போகுது” என்றான். அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆரஞ்சுப் பழத் தோலை எடுத்துக் காட்டி, கழிவறைப் பக்கம் கையைக் காட்டி, அந்த அம்மாவிடம் நேராகவே சைகையில் கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். மருந்தை மறுபடி ஒழுங்காகத் தொடங்கவைத்தார்கள். “புள்ளை பொய் சொல்லல, அம்மாவைக் காப்பாத்திக்கிட்டிருந்தான், அவனுக்குத் தெரிஞ்ச வழியில” என்றாள்.

அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் இப்படிப்பட்ட பிழைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கிளென் ஃப்ளோரஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய மொழி பேசும் தாய்மார்கள் குழந்தைகளைக் காட்ட வந்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து வரிவரியாகக் கேட்டார்கள். சந்திப்புக்குச் சராசரி 31 பிழைகள் இருந்தன. மொழிபெயர்த்தவர்களில் நோயாளிக் குழந்தையின் உடன்பிறப்பான பதினொரு வயதுப் பிள்ளையும் உண்டு. தவறாகச் சொன்னதை விடச் சொல்லாமல் விட்டதே அதிகம். முகத்தில் மட்டும் தடவ வேண்டிய களிம்பை உடம்பு முழுக்கத் தடவச் சொன்னதும், காதுவலிக்கு வாயால் சாப்பிட வேண்டிய மருந்தை இரண்டு காதிலும் ஊற்றச் சொன்னதும் அந்தப் பட்டியலில் இருந்தன. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களும் பிழை செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பிழைகளில் ஆபத்தானவை குறைவு.

சில நாடுகள் இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. ஈழத்தமிழர் நிறையப் பேர் வாழும் நார்வேயில் 2022 ஜனவரி முதல் நடப்பிலிருக்கும் மொழிபெயர்ப்புச் சட்டம், அரசு அலுவலகமும் மருத்துவமனையும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரம் போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவிலும் மருத்துவமனைகளுக்கு அப்படி ஒரு விதி 2016இல் வந்தது. தடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை, வேண்டிய இடங்களில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அலுவலகமே ஏற்பாடு செய்ய வேண்டும். செலவும் அலுவலகத்துடையது. இங்கே அந்தச் செலவை மிச்சம் பிடித்தது யார் என்று கேட்டால் என் கிளையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் பள்ளியை விட்டு வந்து அவள் செய்தது எங்கள் வேலை. அதற்கு அவளுக்குக் கிடைத்தது கவுன்டரில் இருந்த ஒரு மிட்டாய்.

அப்படியானால் பெரியவர் யாரையாவது கூட்டிவரச் சொல்லலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. லைன் வீட்டில் தமிழும் ஒடியாவும் நன்றாகத் தெரிந்த பெரியவர் பெரும்பாலும் மேஸ்திரிதான். கூலியைப் பிடித்து வைத்துக் கொடுப்பவரும் அவரே. கணக்கில் ஐம்பதாயிரம் இருப்பது அவருக்குத் தெரிந்தால் அடுத்த மாதக் கூலி தள்ளிப்போகும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் நோய் தெருவுக்கே தெரியும். மகள் கமிஷன் கேட்க மாட்டாள், வெளியில் சொல்ல மாட்டாள், வேறு யாருக்காகவும் பேச மாட்டாள். பெற்றோர் பிள்ளையைக் கூட்டி வருவது அறியாமையால் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கிற மொழிபெயர்ப்பாளர்களில் நாணயமானவள் அவள்தான் என்பதால்.

ஆகவே பிள்ளையை அனுப்பிவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவுன்டரில் இருப்பவர் செய்ய வேண்டியது வேறு. என் மனைவி மருத்துவமனையில் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். புரிந்ததா என்று கேட்க மாட்டாள், அதற்கு எல்லாரும் ஆமா என்பார்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுவாள். பிள்ளை நடுவில் இருந்தால் அதுவும் பிள்ளையின் வாய் வழியாகத்தான் திரும்பி வரும், அதனால் பிள்ளையைத் தாண்டி ஒரு தடயம் தேடுவாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, காலையா இரவா என்று அம்மாவையே காட்டச் சொல்லுவாள். காலண்டரில் நிறுத்த வேண்டிய மாதத்தை அவரையே விரலால் தொடச் சொல்லுவாள்.

வங்கியிலும் அது முடியும். ஒரு காகிதத்தில் 50,000 என்று எழுதி, கீழே ஐந்து வருடத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் 50,000 என்று போட்டு அவர் பக்கம் நகர்த்தினால் போதும். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். இரண்டாவது வரியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியிருக்கும். மகளிடமும் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும், அது போய்ச் சேர்ந்த பிறகு அடுத்தது. தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல், உன் மேல் தப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் அன்று ‘பாலிசின்னா என்ன சார்’ என்று கேட்காததற்குக் காரணம், கேட்டால் அப்பாவுக்கு முன்னால் அவளுடைய தமிழ் குறைந்துபோகும். தெரியாது என்று சொல்லும் சுதந்திரம் மட்டும் அவளுடைய அதிகாரத்தில் இல்லை.

பாலிசியை ரத்து செய்ய அப்பா நேரில் வர வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில், சிமென்ட் படிந்த சட்டையோடு வந்தார். மூலப் பத்திரத்தையும் பாஸ்புக் நகலையும் வாங்கி ரத்துப் படிவத்தை நானே நிரப்பினேன். ஒரு வாரத்தில் சில நூறு ரூபாய் போகப் பணம் கணக்குக்கு வந்தது. பிறகு அது ஒரு வருட வைப்பாகவும் போடப்பட்டது. அந்தக் கதை அங்கே முடிந்தது.

படிவத்தில் அவர் கையெழுத்திடும் முன் நான் மகளிடம் சொன்னேன்: “அப்பாகிட்ட சொல்லும்மா. தப்பு எங்க மேலதான். அவர் கேட்டது ஒண்ணு, நாங்க கொடுத்தது ஒண்ணு. மன்னிச்சுக்கச் சொல்லு.”

அவள் அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான். இந்த முறை நான் எண்ணினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். மன்னிக்கிற மனிதரின் முகம் அது இல்லை, உதவி பெற்றவரின் முகம்.

அவர் வெளியே போய்ச் சைக்கிளை எடுக்கும்போது மகளை நிறுத்தி, “என்ன சொன்னே?” என்று கேட்டேன்.

“வட்டி அதிகமா வர்ற டெபாசிட்டுக்கு சார் மாத்திக் குடுக்கறார்னு சொன்னேன்.”

“நான் சொன்னதைச் சொல்லலியா?”

“அது வேணாம் சார். தப்பு நடந்துச்சுன்னு சொன்னா, அன்னிக்கு நீதானே சொன்னேன்னு கேப்பார். அப்புறம் என்னை நம்பமாட்டார். வேற யாரு சார் இருக்கா அவருக்கு?”

2025 மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த அப்பாவைக் கிளாம்பாக்கம் பக்கம் அவ்வப்போது பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் சைக்கிளிலிருந்து இறங்கிக் கும்பிடுகிறார். இப்போது எனக்கு ஒடியாவில் ஐந்தாறு சொற்கள் தெரியும். அவற்றில் மன்னிப்புக்கான சொல் இல்லை, அதை நான் அவளிடம் கேட்கவும் முடியாது. அவருடைய மொழியில் விளக்கிச் சொன்னதாக நான் போட்ட கையெழுத்து அந்த நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது. என் மன்னிப்பு இன்னும் அவரிடம் போய்ச் சேரவில்லை.